‘புட் ஆஃப்’, ‘ரன் இன்டூ’: சூழல் தேர்ந்தெடுக்கும் தமிழ் வினை

ஆங்கிலத்தில் எளிய வினைச்சொல் ஒன்றோடு ஆஃப், அப், அவுட், இன்டூ போன்ற ஒரு சிறு சொல் சேர்ந்து, தனித்தனிப் பொருளைக் கூட்டிப் பார்த்தாலும் ஊகிக்க முடியாத புதுப்பொருளைத் தருவதுண்டு. இத்தகைய சேர்க்கைக்கு ஃபிரேசல் வெர்ப் என்று பெயர். ‘புட்’ என்றால் வை. ‘ஆஃப்’ என்றால் விலகி. இரண்டும் சேர்ந்தால் கூட்டம் தள்ளிப்போகிறது, கடன்காரர் வெறுங்கையோடு திரும்புகிறார், சாப்பாடு பிடிக்காமல் போகிறது, பந்தடிப்பவரின் கவனம் சிதறுகிறது. ‘ரன்’ என்றால் ஓடு. ‘இன்டூ’ என்றால் உள்ளே. சேர்ந்தால் கார் மரத்தில் மோதுகிறது, பழைய நண்பர் எதிர்ப்படுகிறார், செலவு லட்சக்கணக்கில் போகிறது.

அயல்மொழிக்காரர்களை இந்தச் சேர்க்கைகள் அலைக்கழிக்கும் என்பதைச் சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். ஆங்கிலம் கற்கும் வெளிநாட்டவருக்கு மிகுந்த சிரமம் தருவது இதுதான் என்று கருதி, இத்தகைய சேர்க்கைகளைத் திரட்டித் தர முயன்றதாகவும் குறிப்பிட்டார். பெயர் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. லோகன் பியர்சல் ஸ்மித் 1925இல் எழுதிய நூலில்தான் ஃபிரேசல் வெர்ப் என்ற பெயர் பரவலாகத் தெரியவந்தது; ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்த பெயர் அது என்று ஸ்மித்தே எழுதியிருக்கிறார்.

தமிழுக்குக் கொண்டுவரும்போது சிரமம் வேறு வடிவம் எடுக்கிறது. புட் ஆஃப் என்பதற்கு ஒத்திவை, தள்ளிப்போடு, தட்டிக்கழி, வெறுப்பூட்டு, கவனத்தைக் கலை, இறக்கிவிடு என ஆறேழு சொற்களை ஓர் அகராதியிலிருந்து எடுத்துவிடலாம். எந்த இடத்தில் எது என்பதுதான் கேள்வி. அதற்கான விடை பெரும்பாலும் வினையில் இருப்பதில்லை. வினைக்கு முன்னும் பின்னும் உள்ள பெயர்ச்சொற்களில் இருக்கிறது. யார் செய்கிறார், எதைச் செய்கிறார், எதிலிருந்து என்று பார்த்த பிறகே வினையைப் பார்க்க வேண்டும். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருவது இதற்குத் தோதாக இருக்கிறது. பெயர்களை அடுக்கி முடித்து வினைக்கு வருவதற்குள் எந்த வினை என்பது அநேகமாக முடிவாகியிருக்கும்.

முதலில் புட் ஆஃப். இதன் எல்லாப் பொருள்களுக்கும் அடியில் ஒரே அசைவுதான் இருக்கிறது: இருந்த இடத்திலிருந்து அப்பால் தள்ளுவது. நிகழ்ச்சியை இன்றிலிருந்து அப்பால் தள்ளினால் ஒத்திவைப்பு. ஆளை வாசலிலிருந்து தள்ளினால் தட்டிக்கழிப்பு. மனத்தை ஒரு பொருளிலிருந்து தள்ளினால் வெறுப்பு. செய்யும் வேலையிலிருந்து தள்ளினால் கவனச்சிதறல். பயணியைப் பேருந்திலிருந்து தள்ளினால், நல்லவேளையாக, இறக்கிவிடுதல் மட்டும்தான். தமிழின் ‘தள்ளு’ என்ற வினையும் இதே உருவகத்தில் புறப்பட்டது என்பதால் முதல் பொருளுக்குத் தள்ளிப்போடு என்பது அச்சு மாறாமல் பொருந்துகிறது. இந்தப் பொருத்தமே பிறகு ஏமாற்றவும் செய்கிறது. தமிழில் ‘தள்ளு’ காலத்தோடு நின்றுவிடுகிறது, மனத்துக்குள் போவதில்லை. ‘அவருடைய பேச்சு என்னைத் தள்ளிப்போட்டது’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது.

எந்தப் பொருள் என்பதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களில் நம்பகமானது செயப்படுபொருள். அது கூட்டம், தேர்வு, திருமணம், அறுவை சிகிச்சை போல நாள் குறிக்கக்கூடிய ஒன்றாக இருந்தால் ஒத்திவைப்புதான். அது மனிதராக இருந்தால் ஒத்திவைப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. தட்டிக்கழிப்பா, வெறுப்பா, கவனச்சிதறலா என்று அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். நல்ல ஆங்கில அகராதிகள் இதை உணர்ந்தே ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ‘ஒருவரை’, ‘ஒன்றை’, ‘ஒருவரை ஒன்றிலிருந்து’ என்று மூன்று விதமான குறிப்பைச் சுருக்கெழுத்தில் போடுகின்றன. அவசரத்தில் பலரும் தாண்டிப்போகும் அந்தக் குறிப்புதான் மொழிபெயர்ப்பவருக்கு உண்மையில் வேண்டியது.

மூன்றாவது வகை தனியே நின்று பார்க்கத் தக்கது. ‘ஹி புட் ஆஃப் ஈட்டிங்’ என்றால் அவன் சாப்பிடுவதைத் தள்ளிப்போட்டான். ‘இட் புட் ஹிம் ஆஃப் ஈட்டிங்’ என்றால் அதைப் பார்த்ததும் அவனுக்குச் சாப்பிடவே பிடிக்கவில்லை. இரண்டிலும் அதே வினை, அதே சிறுசொல், அதே ஈட்டிங். நடுவில் ‘ஹிம்’ என்ற ஒரு சொல் நுழைந்ததும் பொருள் காலத்திலிருந்து மனத்துக்குத் தாவிவிடுகிறது. புட்டுக்கும் ஆஃபுக்கும் நடுவில் ஓர் ஆளும், ஆஃபுக்குப் பின்னால் ஒரு செயலோ பொருளோ இருந்தால் அங்கே பெரும்பாலும் விருப்பம் போனது என்று பொருள். இந்த அமைப்பைக் கண்டுகொண்டவர் பாதிப் பிழைகளைத் தவிர்த்துவிடலாம். இன்னொரு சிறு துணையும் உண்டு. ஆஃப்-புட்டிங் என்று பெயரடையாக வந்தால் அது எப்போதும் மனத்தைப் பற்றியதுதான். ஆஃப்-புட்டிங் மீட்டிங் என்பது தள்ளிப்போன கூட்டம் அல்ல, எழுந்து போய்விடலாமா என்று தோன்றவைக்கும் கூட்டம்.

விருப்பம் போகும் பொருளில் தமிழ் வாக்கியத்தின் எலும்புக்கூடே மாறுகிறது. ஆங்கிலத்தில் விபத்து எழுவாய், ஆள் செயப்படுபொருள்: விபத்து அவரை வண்டி ஓட்டுவதிலிருந்து ‘தள்ளியது’. தமிழில் மனநிலை மாறும்போது அந்த ஆளுக்குக் ‘கு’ உருபு கொடுப்பதே இயல்பு. அவருக்குப் பிடிக்கிறது, அவருக்கு வெறுத்துப்போகிறது, அவருக்குக் குமட்டுகிறது. எனவே ‘அந்த விபத்துக்குப் பிறகு அவருக்கு வண்டியைத் தொடவே பிடிக்காமல் போய்விட்டது’ என்று வாக்கியம் திரும்ப வேண்டும். காரணமான விபத்து எழுவாய் நிலையை இழந்து ‘பிறகு’ என்றோ, ‘பார்த்ததும்’ என்றோ, ‘ஆல்’ உருபோடோ ஓரத்துக்குப் போகிறது. ‘விபத்து அவரை வெறுப்படையச் செய்தது’ என்பது இலக்கணப்படி குற்றமில்லைதான். ஆனால் அதைப் படிக்கும்போதே அடியில் ஆங்கிலம் தெரியும்.

எதனால் விருப்பம் போனது என்பதைப் பொறுத்துத் தமிழ் இன்னும் நுணுக்கமாகச் சொல் கேட்கும். நாற்றத்தால் என்றால் ‘சாப்பாடு உள்ளே இறங்கவில்லை’ அல்லது ‘குமட்டிவிட்டது’. விலையால் என்றால் வெறுப்பு என்று சொல்ல முடியாது. விலையைக் கண்டு மனிதர் மலைக்கிறார் அல்லது பின்வாங்குகிறார். ஒருவரின் தோரணையால் என்றால் முகம் சுளிக்கிறார். பாடப்புத்தகத்தின் பருமனால் என்றால் மிரள்கிறார். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவிட்ட இந்த வேறுபாடுகளைத் தமிழில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ‘வெறுப்பூட்டு’ என்று எல்லா இடத்திலும் போட்டால் பொருள் தவறுவதில்லை, அளவு தவறிவிடும். விலைச்சீட்டைப் பார்த்து யாரும் வெறுப்படைவதில்லை.

ஒத்திவைப்பு என்ற பொருளுக்குள்ளேயும் தேர்வு முடிந்துவிடவில்லை. ஒத்திவை என்பதில் ஓர் அதிகாரத்தின் முடிவு இருக்கிறது. நீதிமன்றம் வழக்கை ஒத்திவைக்கும், சட்டமன்றம் ஒத்திவைக்கப்படும், பல்கலைக்கழகம் தேர்வை ஒத்திவைக்கும். வீட்டில் பல் மருத்துவரிடம் போவதை யாரும் ஒத்திவைப்பதில்லை, தள்ளிப்போடுகிறார்கள். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் இதே அலுவல் பொருளுக்குப் பிற்போடு என்ற வினை வழங்குகிறது. அங்கே தேர்வு பிற்போடப்பட்டது என்று படிப்பது இயல்பு. மொழிபெயர்ப்பு யாருக்காக என்பதும் சூழலின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

தள்ளிப்போடு, தள்ளிவை, தள்ளிப்போ ஆகிய மூன்றும் ஒன்றல்ல. முதல் வினையோடு சேரும் துணைவினைதான் வேறுபாட்டைத் தருகிறது. ‘வை’ சேர்ந்தால், பின்னால் செய்வதற்காகத் தெரிந்தே எடுத்துவைத்தது போன்ற தொனி: ‘ஆடி கழியட்டும் என்று திருமணத்தைத் தள்ளிவைத்தார்கள்.’ ‘போடு’ சேர்ந்தால் லேசான அலட்சியம் எட்டிப்பார்க்கிறது: ‘வரி கட்டுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.’ ‘போ’ சேர்ந்தால் யாரும் பொறுப்பில்லை, தானாகவே நகர்ந்தது: ‘மழையால் ஆட்டம் தள்ளிப்போனது.’ ஆங்கிலத்தில் மூன்றும் புட் ஆஃப்தான். கடைசியில் மட்டும் செயப்பாட்டுவினையாக வரும். அதைப் பார்த்த மாத்திரத்தில் ‘மழையால் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதும் பழக்கம் நாளிதழ்களில் ஊறிவிட்டது. நடுவர்கள் கூடி முடிவெடுத்தார்கள் என்றால் அது சரி. மழை பெய்ததால் தாமதம் என்றால் தள்ளிப்போனது என்பதே போதும்.

தள்ளிவை என்பதில் ஒரு கண்ணிவெடியும் இருக்கிறது. செயப்படுபொருள் நிகழ்ச்சியாக இருக்கும்வரை அது ஒத்திவைப்பு. ஆளாகிவிட்டால் அதன் பொருள் விலக்கிவைத்தல். மனைவியைத் தள்ளிவைத்தான் என்றால் அவளோடு வாழவில்லை என்றும், ஒரு குடும்பத்தை ஊரார் தள்ளிவைத்தார்கள் என்றால் ஊரை விட்டு ஒதுக்கினார்கள் என்றும் ஆகும். ஆங்கிலத்தில் ‘வி ஹேட் டு புட் த கெஸ்ட்ஸ் ஆஃப்’ என்று சாதாரணமாக எழுதியிருப்பார்கள். வருவதாக இருந்த விருந்தாளிகளை இன்னொரு நாள் வரச்சொன்னார்கள், அவ்வளவுதான். ‘விருந்தாளிகளைத் தள்ளிவைத்தோம்’ என்று எழுதினால் உறவே முறிந்துவிட்டது போலாகிவிடும். இங்கே தமிழ் ‘பிறகு வரச்சொல்லிவிட்டோம்’ என்று செயலை விரித்துச் சொல்கிறது. அதேபோல நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதைப் பெண்களின் பேச்சில் கேட்டால் அது கூட்டத்தின் தேதி அல்ல, கருவுற்றிருக்கலாம் என்ற செய்தி. சூழல் பார்க்க வேண்டியது ஆங்கிலப் பக்கத்தில் மட்டும் இல்லை.

கால் ஆஃப் என்பதைப் புட் ஆஃபோடு குழப்புவது அடிக்கடி நடக்கும் வேறொரு தவறு. அது ரத்து, நாள் மாறுவதல்ல, நிகழ்ச்சியே கிடையாது. கையில் சீட்டு வைத்திருப்பவருக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பணத்தில் தெரியும்.

இனி ரன் இன்டூ. இலக்கணத்தில் இது புட் ஆஃபுக்கு உடன்பிறப்பல்ல. ‘புட் த மீட்டிங் ஆஃப்’ என்று பிரித்து நடுவில் பெயரை வைக்கலாம். பெயருக்குப் பதில் ‘இட்’ வந்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும். ரன் இன்டூவைப் பிரிக்கவே முடியாது. ‘இன்டூ’ முன்னிடைச்சொல்லாகவே இருந்து தனக்குப் பின்னால் வரும் பெயரைப் பிடித்துக்கொள்கிறது. இந்த வேறுபாடு மொழிபெயர்ப்பில் ஒருவகையில் உதவுகிறது. ரன் இன்டூவுக்குப் பொருள் தேடுகிறவர் அதற்கு அடுத்த பெயரிலிருந்தே தொடங்கலாம். புட் ஆஃபில் புட்டைப் பார்த்துவிட்டு நான்கைந்து சொற்கள் தாண்டிப் போய்த்தான் ஆஃபைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். நீண்ட வாக்கியங்களில் ஆஃப் கண்ணில் படாமல், புட் மட்டும் ‘வைத்தார்’ என்று மொழிபெயர்ப்பாவதும் உண்டு.

‘ஹி ரேன் இன்டூ த ஹவுஸ்’ என்றால் வீட்டுக்குள் ஓடினான். இது ஃபிரேசல் வெர்பே அல்ல. காலால் ஓடக்கூடியவர் எழுவாயாகவும், உள்ளே நுழையக்கூடிய இடம் பின்னாலும் இருக்கும்போது மட்டும் இந்த நேர்ப்பொருள் நிற்கும். எழுவாய் வாகனமாகவும் பின்னால் வருவது மரம், சுவர், லாரி போன்ற திடப்பொருளாகவும் இருந்தால் மோதல். தமிழில் அது ‘உள்ளே’ என்பதை முற்றாக விட்டுவிட்டு, மரத்தில் மோதியது, சுவரின் மீது மோதியது என்று உருபை மாற்றிக்கொள்கிறது. ஆறு எழுவாயாகவும் கடல் பின்னாலும் வந்தால் கலக்கிறது. துணி துவைக்கும்போது சிவப்பு வெள்ளைக்குள் ‘ஓடினால்’ சாயம் இறங்கிப் பிடித்துவிட்டது என்று பொருள். பின்னால் வருவது தொகை என்றால், செலவு கோடிக்கணக்கில் போகிறது.

மனிதருக்குப் பின்னால் மனிதர் வந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ‘ஐ ரேன் இன்டூ யுவர் பிரதர்’ என்றால் பெரும்பாலும் சந்திப்பு. ஆனால் அடுத்த வாக்கியத்தில் ‘அவர் கையில் இருந்த தேநீர் கொட்டிவிட்டது’ என்று வந்தால் இடித்துக்கொண்டார்கள் என்றாகும். ஆகவே ஒரு வாக்கியத்தோடு நிற்காமல் அடுத்ததையும் படிக்க வேண்டியிருக்கிறது. சந்திப்பு என்று முடிவானபின் ‘சந்தித்தேன்’ என்று மட்டும் எழுதுவது குறை. தமிழில் சந்திப்பு என்ற சொல்லில் ஏற்பாட்டின் வாடை உண்டு. ஆளுநரை முதலமைச்சர் சந்தித்தார் என்றால் நேரம் குறித்துப் போய்ப் பார்த்தார் என்றே யாரும் எடுத்துக்கொள்வார்கள். ரன் இன்டூவின் உயிர் அந்த எதிர்பாராத தன்மையில் இருக்கிறது. அதைத் ‘தற்செயலாக’ என்ற வினையடையால் காட்டலாம். அதைவிட நல்லது, அந்தத் தன்மையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் வினை: எதிர்ப்பட்டார், கண்ணில் பட்டார், வழியில் அகப்பட்டார். இவற்றில் எழுவாய் இடம் மாறுவதைக் கவனிக்கலாம். ஆங்கிலத்தில் பேசுகிறவர்தான் ஓடி மோதுகிறார். தமிழில் அவர் நடந்துகொண்டே இருக்கிறார், நண்பர் வந்து எதிர்ப்படுகிறார்.

இடர்ப்பாடுகளிலும் இதே திருப்பம் தெரிகிறது. ‘வி ரேன் இன்டூ ரெயின்’ என்றால் தமிழில் மழை பிடித்துக்கொண்டது. திட்டம் எதிர்ப்புக்குள் ‘ஓடினால்’ எதிர்ப்பு கிளம்பியது. துன்பம் தேடி வந்து பிடிக்கிறது, மனிதர் அதில் போய் விழவில்லை என்பது தமிழ் வாக்கியத்தின் பார்வை. கடன் விதிவிலக்குப் போல நிற்கிறது. அதில் விழுவதும் மூழ்குவதும் மனிதரே. நெரிசலிலும் வழக்கிலும் மாட்டிக்கொள்வதும் அப்படியே.

சிக்கல் வந்தது என்பதா, சிக்கலில் மாட்டிக்கொண்டார் என்பதா என்று இரண்டும் இயல்பாகத் தோன்றும் இடங்களில் எதைத் தேர்வது? அடுத்த வாக்கியம் யாரைப் பற்றியது என்று பார்ப்பதே நல்ல வழி. நிறுவனம் சிக்கலில் மாட்டியது, பிறகு அது கடன் வாங்கியது, இரண்டு கிளைகளை மூடியது என்று கதை நிறுவனத்தைச் சுற்றியே போகுமானால் நிறுவனத்தை எழுவாயாக விட்டுவைக்கலாம். அடுத்து வருவது சிக்கலின் விவரம் என்றால், ‘நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு சிக்கல் முளைத்தது’ என்று தொடங்கினால் வாசகர் சறுக்காமல் அடுத்த வரிக்குப் போவார்.

இவை ஒரே பத்தியில் கூடினால் என்ன ஆகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். வீடு கட்டும் ஒருவரைப் பற்றிய ஆங்கிலப் பத்தி. ஆறு வாக்கியம், நான்கு இடத்தில் புட் ஆஃப், நான்கு இடத்தில் ரன் இன்டூ. முருகேசன் கூரையை இரண்டு தடவை புட் ஆஃப் செய்திருந்தார். செலவு நாலைந்து லட்சத்துக்குள் ரன் இன்டூ ஆகும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். கடைசியில் வங்கிக்குப் போனபோது, மேலாளரின் தொனி அவரை விண்ணப்பிப்பதிலிருந்து புட் ஆஃப் செய்தது. திரும்பும் வழியில் ஒரு பங்காளியை ரன் இன்டூ செய்தார். அந்தப் பங்காளியின் வேலை முந்தைய ஆண்டு மணல் விஷயத்தில் தொல்லைக்குள் ரன் இன்டூ ஆகி, கடனுக்குள்ளும் ரன் இன்டூ ஆகியிருந்தது; பணம் கேட்டு வந்த செங்கல்காரரை மூன்று மாதம் புட் ஆஃப் செய்தாராம். ஆனாலும் அதெல்லாம் உன்னை புட் ஆஃப் செய்யக்கூடாது என்றார்.

முதல் வாக்கியத்தில் செயப்படுபொருள் கூரை. அது நாள் குறிக்கும் நிகழ்ச்சி அல்ல, பொருள். ஆனால் கட்டி முடியாத கூரை என்பதால் அந்த வேலையையே குறிக்கிறது. தமிழில் அதைத் திறந்து சொல்ல வேண்டும்: தளம் போடும் வேலை. தள்ளிப்போட்டார் என்று முடித்தால் ‘போடு’ இரண்டு முறை வந்து காதில் இடிக்கிறது. பணம் சேரட்டும் என்று தெரிந்தே செய்தது என்பதால் தள்ளிவைத்தார் என்பது பொருளுக்கும் ஒத்துவருகிறது. இரண்டாவதில் தொகை இருப்பதால் ஐயமில்லை. மூன்றாவது ‘ஒருவரை ஒன்றிலிருந்து’ என்ற அமைப்பு, ஆகவே மனம். எதனால் மனம் மாறியது? தொனியால். ஆகவே வெறுப்பும் அல்ல, மலைப்பும் அல்ல. சுருக்கென்றது, கேட்க மனம் வரவில்லை. நான்காவதில் இரண்டு மனிதர்கள், பின்னால் பேச்சு தொடர்கிறது, அடிபட்டதற்கான குறிப்பு இல்லை, எதிர்ப்பட்டார்.

ஐந்தாவதுதான் அடர்த்தியானது. வேலை எழுவாய், தொல்லை அடுத்த பெயர். மணல் கிடைக்காமல் வேலை நின்றது என்று தொல்லையைப் பெயர் சொல்லியே விளக்கிவிடலாம். கடனில் விழுந்தது வேலை அல்ல, பங்காளி. ஆங்கிலம் இரண்டையும் ஒரே எழுவாயில் கோத்திருந்தாலும் தமிழில் பிரிக்க வேண்டும். செங்கல்காரர் ஆள், அவரை ஒத்திவைக்க முடியாது, தள்ளிவைத்தால் பகை. பணம் கேட்டு வருகிறவரை ‘இன்றைக்கு நாளைக்கு’ என்று சொல்லி அனுப்புவது இழுத்தடிப்பு. ஆறாவதில் மறுபடி மனம், காரணம் இப்போது விவரிக்கப்பட்ட அனுபவம்; அதைக் கேட்டுப் பயந்து பின்வாங்குவதுதான் அஞ்சத்தக்க விளைவு.

அப்படியானால் பத்தி இவ்வாறு அமையும்: ‘தளம் போடும் வேலையை முருகேசன் இரண்டு தடவை தள்ளிவைத்திருந்தார். நாலைந்து லட்சம் வரை போகும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். கடைசியில் ஒருநாள் வங்கிக்குப் போனார். மேலாளர் பேசிய தொனியில் அவருக்கு மனசு விட்டுப்போய், விண்ணப்பத்தைக் கேட்காமலேயே எழுந்து வந்துவிட்டார். வரும் வழியில் பங்காளி ஒருவர் எதிர்ப்பட்டார். போன வருஷம் அவர் வீடு கட்டும்போது மணல் கிடைக்காமல் வேலை நின்று, கடனும் ஏறிப்போய், செங்கல்காரரை மூன்று மாதம் இழுத்தடிக்க வேண்டியிருந்ததாம். “இதையெல்லாம் கேட்டுப் பின்வாங்கிடாதப்பா” என்றார்.’ எட்டு இடத்திலும் எட்டு வெவ்வேறு வினைகள் வந்திருக்கின்றன. ஒத்திவை ஒரு தடவைகூட வரவில்லை; மோதலும் வரவில்லை. அகராதியிலிருந்து அவசரத்தில் எடுத்தால் கைக்கு வருபவை பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

எழுதி முடித்ததைச் சோதிக்க ஆங்கிலம் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுப்பதுபோல எளிய வழி இல்லை. தவறிய இடங்கள் பெரும்பாலும் வேற்றுமை உருபில் தெரியும். மனம் மாறிய ஆளுக்கு ‘ஐ’ உருபு நின்றால் அங்கே ஆங்கில அமைப்பு உள்ளே வந்திருக்கிறது. உயிரற்ற ஒன்று எழுவாயாக நின்று ஆளை ஏதோ செய்தால் மறுபடி பார்க்க வேண்டும். சண்டையோ விபத்தோ இல்லாத இடத்தில் ‘மோதினார்’ என்று வந்தாலும் அப்படியே.

இந்த வழிகள் எட்டாத இடங்களும் உண்டு. ‘ஷி புட் ஹிம் ஆஃப்’ என்ற வாக்கியம் பின்னணி இல்லாமல் தனியே கிடைத்தால், அவன் வருகையை அவள் தள்ளிவைத்தாளா, அவனுக்குச் சாக்குச் சொன்னாளா, அவளைக் கண்டு அவன் முகம் சுளித்தானா, அவன் கவனம் கலைந்ததா என்று சொல்ல முடியாது. படங்களுக்கு வசனவரி எழுதுபவரிடம் உரையாடல் பட்டியல் மட்டும் வந்து காட்சி வராதபோது இது நிஜமான இக்கட்டு. அப்போது பொருள்களில் இரண்டையாவது தாங்கும் வினையைத் தேடலாம். ‘அவனைத் தவிர்த்துவிட்டாள்’ என்பது நாள் மாற்றியதையும் சாக்குச் சொன்னதையும் ஏற்கும். முகச்சுளிப்பையும் கவனச்சிதறலையும் ஏற்காது. நான்கையும் தாங்கும் வினை தமிழில் இல்லை. காட்சியைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.